போக்சோ கோர்ட்டில் சாட்சி சொல்லப்போகும் குழந்தையைத் தயார்படுத்துவது எப்படி?

சம்மன் வந்ததும் பல வீடுகளில் குழந்தையை உட்காரவைத்து, "கேட்டா இப்படிச் சொல்லணும்" என்று ஒப்பிக்கவைப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். "இப்படிச் சொல்லச் சொன்னது யாரு?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். குழந்தை "அம்மா" என்றால், உண்மையான சாட்சியத்தின் மேலும் சந்தேகம் விழும். வழக்கைப் பற்றிப் பேசுவதை அரசு வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள். குழந்தையாகவே ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். வீட்டில் நாம் செய்ய வேண்டியது வேறு.

1. முதலில் இடம்

விசாரணைக்குச் சில நாள் முன்னால், வழக்கு நடக்கும்போது குழந்தைக்கு உதவியாக நியமிக்கப்படும் துணை நபர் மூலமோ அரசு வழக்கறிஞர் மூலமோ கேட்டு, காலியாக இருக்கும் அறையைக் குழந்தைக்குக் காட்டுங்கள். ஜட்ஜ் எங்கே உட்காருவார், தான் எங்கே உட்காரப்போகிறோம், பாத்ரூம் எங்கே என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். டவாலி சத்தமாகப் பெயர் கூப்பிடுவதைக் கேட்டு மிரளும் குழந்தைகள் உண்டு. அதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

2. "அந்த ஆளு அங்க இருப்பானா?"

குழந்தை இதைக் கேட்காவிட்டாலும் மனசில் இதுதான் ஓடும். சாட்சி சொல்லும்போது குழந்தை அவன் கண்ணில் படக்கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 36ஆம் பிரிவு. அதற்குத் திரை, ஒருபக்கக் கண்ணாடி, வீடியோ என்று பல வழிகள் இருக்கின்றன. உங்கள் கோர்ட்டில் எது என்று முன்பே கேட்டு, அதை மட்டும் சொல்லுங்கள். வராந்தாவில் எதிரே வந்துவிடவும் வாய்ப்புண்டு. தனி வழி, தனி அறை உண்டா என்றும் விசாரியுங்கள். "அவனை ஜெயில்ல போட்டுடுவாங்க" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

3. கேள்வி விளையாட்டு

"தெரியாது" என்றால் திட்டு வாங்கிப் பழகியவர்கள் நம் பிள்ளைகள். அதனால் பெரியவர் கேட்டால் எதையாவது சொல்லிவிடுவார்கள். வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளை வைத்துப் பழக்குங்கள். ஏழு வயதுப் பிள்ளையிடம், "உன் வேன் டிரைவரோட தாத்தா பேர் என்ன?" என்று கேளுங்கள். "தெரியாது" என்றால் கைதட்டுங்கள். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, "நான் நீலச் சட்டைதானே போட்டிருக்கேன்?" என்று கேளுங்கள். "இல்ல, சிவப்பு" என்று மறுக்க வேண்டும். அப்புறம், ஒரே கேள்வியை இரண்டு முறை கேளுங்கள். பள்ளியில் மறுபடி கேட்டால் முதல் பதில் தப்பு என்று அர்த்தம், பிள்ளை உடனே மாற்றிவிடும். கோர்ட்டில் அப்படி இல்லை என்பதை இங்கேதான் கற்றுக்கொடுக்க முடியும். "புரியல, வேற மாதிரி கேளுங்க" என்று சொல்லவும் பழகட்டும்.

4. அன்றைக்கு

பசியோடு அழைத்துப் போகாதீர்கள். காத்திருக்க நேரும், ஒரு பொம்மை இருக்கட்டும். கேள்விகள் ஜட்ஜ் வழியாகத்தான் வர வேண்டும் என்கிறது 33ஆம் பிரிவு. இடைவேளை கேட்கலாம், நம்பிக்கையானவர் ஒருவர் கூட இருக்கலாம். ஆனால் அந்த ஒருவர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மாவும் அதே வழக்கில் சாட்சி என்றால் அத்தையோ சித்தியோ உட்காருவது நல்லது. முடிந்ததும் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தால், உள்ளே ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தாலும் வாங்கிக்கொடுத்துவிடுங்கள்.