பழைய கட்டடத்தில் மின்சேமிப்பைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அலுவலகக் கட்டடத்தில் எனர்ஜி ஆடிட் நடக்கிறது. ஏசிக்கான நீரைக் குளிர்விக்கும் சில்லர் என்ற மெஷினை மாற்றலாம் என்று முடிவாகி, புது மெஷினும் வந்துவிடுகிறது. அப்புறம் போன வருட பில்லையும் இந்த வருட பில்லையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலான தகராறுகள் இந்தக் கழித்தலில்தான் தொடங்குகின்றன.

சேமிப்பை எந்த மீட்டரும் காட்டாது. மீட்டர் காட்டுவது செலவான மின்சாரத்தை மட்டுமே. பழைய மெஷினே இன்றைக்கும் ஓடியிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து இன்றைய செலவைக் கழித்தால் கிடைப்பதே சேமிப்பு. ஐபிஎம்விபி என்ற சர்வதேச நெறிமுறையின் அடிப்படையும் இதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. மாற்றத்துக்கு முந்தைய 12 மாத பில்களை எடுத்து, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு வெயில் அடித்தது என்பதோடு பொருத்துகிறோம். வெயிலை அளக்க கூலிங் டிகிரி டே என்ற அளவு உண்டு. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18 டிகிரியைத் தாண்டினால், தாண்டிய டிகிரிகளை மாதம் முழுக்கக் கூட்டிக்கொள்வது. எல்லாக் கட்டடத்துக்கும் 18 பொருந்தாது. எந்த வெப்பநிலையில் குளிரூட்டல் தேவைப்படத் தொடங்குகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் கட்டடத்துக்கு இப்படி ஒரு சமன்பாடு வருகிறது என்று வைப்போம்:

```
மாத யூனிட் = 60,000 + (200 × டிகிரி டே)
```

போன வருடம் ஒரு மாதத்தில் 250 டிகிரி டே. பில் 1,10,000 யூனிட். இந்த வருடம் அதே மாதத்தில் வெயில் அதிகம், 300 டிகிரி டே. புது சில்லரோடு பில் 1,08,000. நேராகக் கழித்தால் சேமிப்பு வெறும் 2,000 யூனிட்தான். உரிமையாளர் ஏமாந்துவிட்டதாக நினைப்பார். ஆனால் 300 டிகிரி டேக்குப் பழைய சில்லர் 1,20,000 யூனிட் இழுத்திருக்கும். ஆக உண்மையான சேமிப்பு 12,000.

இதிலும் ஒன்று விடுபட்டிருக்கலாம். இடையில் 8 கிலோவாட் இழுக்கும் சர்வர் அறை ஒன்று வந்திருந்தால், அது இரவு பகலாக 30 நாளில் 5,760 யூனிட் எடுக்கும். அதற்கும் சில்லர் மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை. அதையும் பழைய சில்லரின் 1,20,000 யூனிட்டோடு கூட்டினால் சேமிப்பு 17,760 ஆகிறது. சர்வர் வெளியேற்றும் சூட்டைக் குளிர்விக்கும் செலவு இதற்கு மேல் தனி. காலியாக இருந்த மாடிக்கு ஆள் வருவது, வேலை நேரம் நீள்வது எல்லாம் இந்த வகைதான். எது எப்போது மாறியது என்று பராமரிப்பு ஆட்கள் தேதியோடு எழுதி வைக்காவிட்டால், ஒரு வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. பில் காலத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு பில் 28 நாளுக்கும் இன்னொன்று 35 நாளுக்கும் இருந்தால், நாள் கணக்குக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

முழுக் கட்டட பில்லை வைத்துச் சின்ன மாற்றத்தை நிரூபிக்கப் பார்ப்பது அடுத்த தவறு. எதிர்பார்க்கும் சேமிப்பு மொத்தச் செலவில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், பில்லின் வழக்கமான ஏற்ற இறக்கத்திலேயே அது மறைந்துவிடும். அப்போது மாற்றிய கருவிக்கு மட்டும் தனி மீட்டர் போடுவதே சரி.

ஆனால் திருத்தவே முடியாத தவறு, பழைய சில்லரை அளக்காமல் கழற்றிவிடுவது. பில்லாவது கோப்பில் இருக்கும். கழற்றிய மெஷினை எங்கே போய் அளப்பது? மெஷினின் பெயர்ப்பலகையில் பொறித்த செயல்திறன் எண்ணும் உதவாது. வருடக்கணக்கில் ஓடிய மெஷின் அந்த எண்ணில் ஓடாது. மின்சாரத்தை அளக்கும்போது ஆம்பியரை மட்டும் பார்த்தால் போதாது. இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்பதைக் காட்டும் பவர் ஃபேக்டர், லோடு குறைந்தால் இறங்கும் என்பதால் கிலோவாட்டையே அளக்க வேண்டும்.

அளக்கிறவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். சில்லர் எவ்வளவு குளிரூட்டுகிறது என்பதை, நீரின் ஓட்டத்தையும், உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தையும் வைத்துக் கணக்கிடுகிறோம். அந்த வித்தியாசம் 5 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்சார் அரை டிகிரி கூடவும் மற்றொன்று அரை டிகிரி குறைவாகவும் காட்டினால், விடையில் 20 சதவீதம் பிழை. பழைய கட்டடங்களில் நீர் ஓட்டம் தேவைக்கு மேல் இருந்து, வித்தியாசம் 3 டிகிரியாகச் சுருங்கியிருப்பதும் சகஜம். அங்கே அதே பிழை விடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 33 சதவீதமாக ஏறிவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: இரண்டு சென்சாரையும் ஒரே பாத்திரத்து நீரில் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். ஒரே எண்ணைக் காட்டாவிட்டால், அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு கணக்கில் சரிசெய்யலாம்.

ஆகவே எந்தச் சமன்பாடு, எந்த மீட்டர், எந்த மாற்றத்துக்குத் திருத்தம், அதை யார் குறித்து வைப்பது என்ற திட்டத்தில், பழைய மெஷினின் முதல் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். எந்தத் திருத்தம் தனக்குச் சாதகம் என்று இருவருக்குமே தெரியாத நேரம் அது ஒன்றுதான்.