சரிவில் காரை நிறுத்தும்போது செய்யும் தவறுகள்

காரை நிறுத்திவிட்டு இறங்கியதும் அதனால் இனி யாருக்கும் ஆபத்தில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நின்ற கார் இரண்டு வழிகளில் ஆளைக் கொல்லக்கூடும். ஒன்று, அது தானாக உருளும். மற்றொன்று, அசையாமல் நின்றபடியே பின்னால் வருபவரின் பார்வையை மறைக்கும். மேடும் பள்ளமுமான சாலையில் இந்த இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

உருளுவதை முதலில் பார்ப்போம். நூறு மீட்டர் தூரத்தில் பத்து மீட்டர் ஏறும் ஒரு சரிவு. அதில் 1,400 கிலோ எடையுள்ள கார் நிற்கிறது. அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 140 கிலோ எடைக்குச் சமம். அந்த விசை ஒரு கணமும் ஓய்வதில்லை. பிரேக் விட்டுப்போனால், பத்து மீட்டர் உருள்வதற்குள் கார் மணிக்குச் சுமார் 15 கி.மீ. வேகத்தை எட்டும், முப்பது மீட்டரில் 25 கி.மீ. ஓடிப் போய்ப் பின்னாலிருந்து கையால் தாங்கிப் பிடிக்க முயல்வது மிகப் பெரிய தவறு. நகரத் தொடங்கிய காரைப் பிடித்து நிறுத்த மனிதரால் முடியாது. அதன் பாதையிலிருந்து விலகி, மற்றவர்களையும் விலகச் சொல்ல மட்டுமே முடியும்.

இவ்வளவு விசையையும் கைப்பிரேக் ஒன்றே தாங்கட்டும் என்று விடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்கள் இரண்டை மட்டுமே பிடிக்கிறது. மேல்நோக்கி நிற்கும் காரில் எடை பின்பக்கம் சாய்வதால் அந்தச் சக்கரங்கள் தரையை நன்றாக அழுத்துகின்றன. கீழ்நோக்கி நிற்கும்போது நிலைமை நேர்மாறு: எடை முன்னால் போய்விடுகிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. சரளைக்கல்லோ ஈர மண்ணோ இருந்தால், பிரேக் இறுகப் பிடித்திருக்கும்போதே சக்கரம் சறுக்கும். அதனால், வேறு இடம் கிடைக்குமானால், செங்குத்தான சரளைச் சரிவில் கீழ்நோக்கி நிறுத்தாதீர்கள்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்றும் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்தபடியே வந்திருந்தால், பிரேக் வட்டு சூடேறி விரிந்திருக்கும். அந்த நிலையில் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால், வட்டு ஆறிச் சுருங்கும்போது பிடி சற்றுத் தளரும். நிறுத்தியபோது உறுதியாக நின்ற கார் அரைமணி நேரம் கழித்து யாரும் தொடாமலே நகர்வதற்கு இது ஒரு காரணம். கேபிளால் இயங்கும் பழைய வகைக் கைப்பிரேக்கில், வழக்கத்தைவிட லீவர் அதிக உயரம் ஏறினால்தான் பிடிக்கிறது என்றால், அது தளர்ந்திருக்கிறது என்று பொருள். சரி செய்யும்வரை அதை நம்பி எந்தச் சரிவிலும் நிறுத்தக் கூடாது.

ஆகவே கைப்பிரேக்குக்குத் துணையாகக் கியர் வேண்டும். கியர் கொண்ட காரில் எஞ்சினை அணைத்தபின், மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ். உருள முயலும் சக்கரம் எஞ்சினையும் சுற்றியாக வேண்டும். கார் அவ்வளவு எளிதாகப் போகாது. நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கினால் இந்தத் துணை கிடையாது. அதே சமயம், கியரை மட்டும் நம்புவதும் தவறு: செங்குத்தான சரிவில் எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று கொடுக்கும்.

ஆட்டோமேட்டிக் காரில் நடக்கும் தவறு வேறு விதமானது. பார்க் நிலைக்குத் தள்ளியதும், கியர்பெட்டிக்குள் ஒரு சிறிய உலோகக் கொக்கி ஒரு பல்சக்கரத்தின் பல்லிடுக்கில் விழுந்து அதைப் பூட்டுகிறது. பலர் காரை நிறுத்தியதும் பார்க் நிலைக்குத் தள்ளி, கால்பிரேக்கை விட்டுவிட்டு, அதன்பிறகே கைப்பிரேக்கை இழுக்கிறார்கள். கார் ஓரிரு அங்குலம் உருண்டு, அதன் முழுப் பாரமும் அந்தக் கொக்கியில் தொங்குகிறது. திரும்ப எடுக்கும்போது லீவர் நகர மறுத்து, கடைசியில் ‘டக்’ என்று பலத்த சத்தத்துடன் விடுபடுவதே இதற்கு அடையாளம். சரியான வரிசை இது: கால்பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலுக்கு வாருங்கள். கைப்பிரேக்கை இழுங்கள். கால்பிரேக்கை மெல்ல விட்டு, காரின் பாரம் கைப்பிரேக்கில் அமரட்டும். அது நின்றுவிட்டது என்று உறுதியானதும், மறுபடி கால்பிரேக்கை மிதித்துப் பார்க் நிலைக்குத் தள்ளுங்கள். கைப்பிரேக் தாங்கவில்லை என்றால், நீங்கள் உள்ளே இருக்கும்போதே அது தெரிந்துவிடும். இந்த வரிசையின் பெரிய பயன் அதுதான்.

இரண்டும் தோற்றால் காரைத் தடுக்கக்கூடியது முன்சக்கரங்களின் திருப்பம். இதைப் படித்தவர்களே இடத்துக்கு வந்ததும் குழம்புகிறார்கள். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு, வலப்பக்கம் ஓட்டும் நாடு என்று ‘இடது, வலது’ மனப்பாடம் செய்வதைவிட, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: இந்தக் கார் இப்போது உருண்டால் எங்கே போய் முட்டும்?

கீழ்நோக்கி நிற்கிறீர்கள், பக்கத்தில் நடைபாதையின் விளிம்புக்கல் இருக்கிறது. சக்கரத்தை விளிம்புக்கல்லின் பக்கம் திருப்புங்கள். முன்னால் உருளும் கார் கல்லில் முட்டி நிற்கும். மேல்நோக்கி நிற்கும்போது கார் பின்னோக்கித்தான் உருளும். ஆகவே சக்கரத்தைச் சாலையின் நடுப்பக்கம் திருப்பி, கால்பிரேக்கை இலேசாக விட்டு, முன்டயரின் பின்பகுதி கல்லைத் தொடும்வரை காரைப் பின்னால் வர விடுங்கள். தொட்டபின் பிரேக்கைப் பிடியுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். டயருக்கும் கல்லுக்கும் இடையே அரை மீட்டர் இடைவெளி இருந்தால், கார் வேகம் பிடித்துவந்து மோதி, தாழ்வான கல்லாக இருந்தால் ஏறித் தாண்டியே போய்விடலாம். தொட்டுக்கொண்டு நிற்கும் காரால் அந்த வேகத்தைப் பெறவே முடியாது.

விளிம்புக்கல் இல்லாத சாலையில் விதி மாறுகிறது. மேலே பார்த்து நின்றாலும் கீழே பார்த்து நின்றாலும், சக்கரம் சாலையின் ஓரத்துப் பக்கமே திரும்பியிருக்க வேண்டும். உருண்டாலும் கார் சாலையைக் கடந்து எதிர்வரிசைக்குப் போகாமல், ஓரத்தை நோக்கி விலகும். மேல்நோக்கி நிற்கும்போது விளிம்புக்கல் இருக்கும் சாலைக்கான பழக்கத்திலேயே நடுப்பக்கம் திருப்பிவிட்டால், பின்னோக்கி உருளும் கார் நேராகப் போக்குவரத்துக்குள் நுழையும். ஓரத்தில் பள்ளத்தாக்கோ, மக்கள் நடக்கும் பாதையோ இருந்தால் அங்கே எந்தத் திருப்பமும் உதவாது. சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் கட்டை கொடுங்கள் அல்லது வேறு இடம் தேடுங்கள்.

சரிவில் டயர் மாற்றுவது தனியாகச் சொல்லப்பட வேண்டியது, ஏனென்றால் அங்கே காருக்கு அடியில் ஓர் ஆளின் கை இருக்கிறது. ஜாக்கியால் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கியதும், கைப்பிரேக்கின் பிடியில் பாதி காற்றில் தொங்குகிறது. முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் கியரின் பிடியும் போய்விடும்; தூக்கிய சக்கரம் தாராளமாகச் சுழல, தரையில் இருப்பது உருண்டுவிடும். முடிந்தவரை சமதளத்துக்குப் போய்விடுங்கள். முடியாவிட்டால், தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கீழ்ப்பக்கம் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது.

இனி, சரியாகவே நிறுத்திய காரும் தவறான இடத்தில் நிற்கும் கதை. மேட்டின் முகட்டைத் தாண்டிய உடனே, இறக்கத்தின் தொடக்கத்தில் ஒரு கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கம் ஏறிவரும் ஓட்டுநரின் கண்ணுக்கு முகடு தாண்டும்வரை அது தெரியாது. அவர் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்தால், ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறார். கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி. 25 மீட்டர் போய்விட்டது. உலர்ந்த சமதளச் சாலையிலேயே வண்டி நிற்க மேலும் சுமார் 20 மீட்டர் வேண்டும். அவர் இருப்பதோ இறக்கத்தில். முகட்டிலிருந்து உங்கள் கார் நாற்பது மீட்டரில் இருந்தால் மோதல் நிச்சயம். தப்பிக்க நினைத்தால் எதிர்வரிசைக்குள் திருப்ப வேண்டும், அங்கிருந்து யாராவது ஏறி வந்துகொண்டிருக்கலாம். நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு நிறுத்தினால் போதும் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. முகட்டுக்கு அப்பால் மினுக்கும் விளக்கும் காரைப் போலவே மறைந்துதான் இருக்கிறது.

சாலைப் போக்குவரத்து பற்றிய 1968 வியன்னா உடன்படிக்கை, பார்வைத் தொலைவு போதாத மேட்டு முகடுகளின் அருகிலும் வளைவுகளிலும் சாலையில் நிற்பதைத் தடுப்பது இதனால்தான். பாதசாரிகள் கடக்கும் கோடுகள், ரயில் கடவுகள், சாலைச் சந்திப்புகளின் அருகு, இதற்கென ஒதுக்கிய இடம் இல்லாத சுரங்கப் பாதைகள், மேம்பாலங்களின் அடிப்பகுதி, சாலைக் குறியையோ சிக்னலையோ மறைக்கும் இடம் ஆகியவையும் அதன் பட்டியலில் உண்டு. சந்திப்பிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும். கடக்கும் கோட்டுக்கு ஒட்டி நிற்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் காரின் முன்னால் வரும் குழந்தை, காரின் விளிம்பைத் தாண்டிச் சாலைக்குள் காலெடுத்து வைக்கும்வரை மற்ற ஓட்டுநர்களுக்குத் தெரியாது.

“ஆளை எதிர்பார்த்துக் காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், இது பார்க்கிங் இல்லையே” என்பார்கள். அந்த உடன்படிக்கைப்படி, ஆளை ஏற்றி இறக்கவோ சரக்கை ஏற்றி இறக்கவோ தேவையான நேரம் மட்டும் நிற்பது ஒரு வகை. இன்னும் வராத ஒருவருக்காகக் காத்திருப்பது அதில் சேராது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருந்தாலும் அது பார்க்கிங்தான். உடன்படிக்கையின் குறிகளைப் பின்பற்றும் நாடுகளில், சிவப்பு விளிம்பிட்ட நீல வட்டத்தில் ஒரே சாய்கோடு இருந்தால் பார்க்கிங் கூடாது. இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டால் ஏற்றி இறக்கவும் நிற்கக் கூடாது.

சரிவிலிருந்து கிளம்பும்போது வரிசை தலைகீழாகிறது. கால்பிரேக்கை முழுதாக மிதித்த பிறகே எஞ்சினை இயக்கிக் கியரை மாற்ற வேண்டும். கைப்பிரேக்கைக் கடைசியாக விடுங்கள். சக்கரம் இன்னும் திரும்பியே இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேல்நோக்கி, விளிம்புக்கல்லை ஒட்டி நின்ற கார் முதல் அசைவிலேயே சாலையின் நடுவை நோக்கிப் பாயும். பின்னால் வருபவர்களைக் கண்ணாடியிலும், தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகவும் பார்த்துவிட்டு, பாதை காலியாக இருக்கும்போது மட்டும் மெதுவாக நகர்த்தி, நகர நகர ஸ்டியரிங்கை நேராக்குங்கள்.