ஒலி கூடுகிறது, அம்புக்குறி நகரவில்லை: புதிய ரிமோட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையின் பழைய தொலைக்காட்சி ஒரு நாள் அடியோடு நின்றுபோனது. மகன் புதிய தொலைக்காட்சியையும், அதன் பின்புறம் செருகும் ஸ்ட்ரீமிங் கருவியையும் வாங்கிப் பொருத்திக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். இரண்டாம் நாளே ரிமோட் வேலை செய்யவில்லை என்று டீச்சர் என்னை அழைத்தார். நான் போவதற்குள் அவர் இரண்டு முறை பேட்டரி மாற்றியிருந்தார்.

அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "ஒலி கூடுகிறதா, டீச்சர்?" அழுத்திப் பார்த்தார், கூடியது. அம்புக்குறிப் பொத்தான்களுக்கு மட்டும் திரையில் அசைவே இல்லை.

பலரும் செய்யும் முதல் தவறு, பழைய ரிமோட்டைப் போலவே இதுவும் ஒரே வழியில் பேசுகிறது என்று எண்ணிக்கொள்வதுதான். ஸ்ட்ரீமிங் கருவியுடன் வரும் ரிமோட்களில் பெரும்பாலானவை, தொலைக்காட்சியின் பவரையும் ஒலியையும் அகச்சிவப்புக் கதிர் மூலமாகவும், அம்புக்குறி, ஹோம், பேக் ஆகியவற்றைப் புளூடூத் மூலமாகவும் அனுப்புகின்றன. ஆகவே ஒலி கூடி அம்பு நகராவிட்டால், பேட்டரியில் உயிர் இருக்கிறது, கருவியுடனான புளூடூத் இணைப்புதான் அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அம்பு நகர்ந்து ஒலி மட்டும் கூடாவிட்டால், ரிமோட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே ஏதேனும் மறைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒலிப் பொத்தானை அழுத்தியபடி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால், கதிர் வரும்போது ஊதா கலந்த வெண்புள்ளி மின்னுவது பெரும்பாலான கைப்பேசிகளில் தெரியும்.

டீச்சர் வீட்டில் அறுந்திருந்தது புளூடூத். கருவியின் மின்னிணைப்பைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் செருகினோம். முகப்புத் திரை வந்ததும் ஹோம் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். சில வகைகளில் ஹோம், பேக் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும் என்பதால், உடன் வந்த தாளைத் தூக்கி எறியக் கூடாது. அவர் வகுப்பில் எண்ணுவதைப் போல உரக்க எண்ணினார். ஒன்பதில் விரல் நழுவ, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். இணைந்துவிட்டதாகத் திரையில் செய்தி வந்தது.

இதைவிடப் பெரிய தவறு, அவசரப்பட்டு கருவியை ஃபேக்டரி ரீசெட் செய்வது. அப்படிச் செய்தால் வைஃபை கடவுச்சொல் முதல் ஒவ்வொரு செயலியின் கணக்கு வரை அனைத்தையும் புதிதாக உள்ளிட வேண்டும்; இணைப்பு அறுந்ததற்கு அது தேவையே இல்லை.

திரையில் "No Signal" என்று வருவது வேறு கதை. அங்கே ரிமோட்டில் குறை இல்லை. பெரும்பாலும் தொலைக்காட்சி வேறு உள்ளீட்டுக்குத் தாவியிருக்கும். கருவி எந்தத் துளையில் செருகப்பட்டுள்ளது என்று பார்த்து, தொலைக்காட்சியின் சொந்த ரிமோட்டில் இன்புட் பொத்தானை அழுத்தி அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். டீச்சர் அந்த ரிமோட்டின் பின்புறத்தில் ஒரு சிறு தாளை ஒட்டி, "HDMI 2" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.