ஃப்ரிட்ஜில் வைத்த பாக்கெட் பால் ஏன் கெடுகிறது?

பாக்கெட் பாலை ஆலையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குகிறார்கள். நோய்க்கிருமிகள் சாகும். ஆனால் பேசிலஸ் வகை பாக்டீரியாவின் வித்துகள் தடித்த ஓட்டுக்குள் உறங்குவதால் பிழைத்துக்கொள்ளும். சில வகைகள் ஃப்ரிட்ஜிலேயே மெல்ல விழித்துப் பெருகும். அப்படிக் கெட்ட பால் புளிக்காது. டீயில் ஊற்றினால் கொழுப்புத் துணுக்குகள் மிதக்கும், அல்லது புளிப்பே இல்லாமல் திரிந்துவிடும். "வாசனை நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாறுவது இங்கேதான்.

கசப்போ அழுகிய வாடையோ வந்தால் பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் வேலை. அது அந்தச் சூட்டில் செத்துவிடும். அதற்குப் பிறகு குழாய், பாக்கெட் நிரப்பும் இயந்திரம், நம் வீட்டுக் கரண்டி வழியாகத்தான் பாலில் சேர்கிறது. குளிர் அதற்குப் பழகிய இடம். 4 டிகிரியிலும் வளரும். 7, 8 டிகிரி என்றால் இன்னும் வேகம்.

ஃப்ரிட்ஜ் கதவு அடிக்கடி திறப்பதால் அங்கே சூடு ஏறும். அதனால் பாலை உள்ளே, பின்பக்கத் தட்டில் வையுங்கள். பிரித்த பாக்கெட்டை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். காய்ச்சினாலும் வித்துகள் முழுதாகச் சாகாது. அதனால் காய்ச்சிய பாலையும் ஆறியதும் உடனே உள்ளே வைத்துவிடுங்கள். திரிந்த பாலைக் கொதிக்கவைத்துக் குடிக்காதீர்கள். பேசிலஸ் செரியஸ் உண்டாக்கும் வாந்தி நச்சு கொதித்தாலும் போகாது.