மலையில் கடையும் ஹோம்ஸ்டேயும் தொடங்குபவர்களுக்கு: வங்கிக்கு வந்த பணம் வேறு, விற்பனை வேறு

துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்து தொழில் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாட் ரிட்டர்ன் போட்டுப் பழகிய உங்களுக்கு ஜிஎஸ்டி பயமுறுத்தாது. மாத ரிட்டர்ன் என்றால் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதி. சரி, அவ்வளவுதான். சிக்கல் வருமானவரித் தணிக்கையில் இருக்கிறது.

குன்னூரில் என் நண்பருக்குக் கீழே சாக்லேட், டீத்தூள் கடை, மாடியில் ஹோம்ஸ்டே. இரண்டும் ஒரே பான். அவருடைய கணக்கர் வங்கி ஸ்டேட்மெண்டைப் பார்த்தே அறை வருமானத்தை எழுதிக்கொண்டு வந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போதைய விகிதத்தில் ஒரு மாதத்தைப் பாருங்கள். புக்கிங் தளம் மூலம் 3,000 ரூபாய் அறை 20 இரவுகள் போனால் வாடகை 60,000, ஜிஎஸ்டி 5 சதவீதம் 3,000. இந்த 63,000இலிருந்து தளம் தன் கமிஷன் 9,000, அதற்கு ஜிஎஸ்டி 1,620, ஜிஎஸ்டிக்காகப் பிடிக்கும் டிசிஎஸ் 300, வருமானவரிக்காகப் பிடிக்கும் டிடிஎஸ் 60 எல்லாவற்றையும் கழித்துக்கொள்ளும். வங்கியில் 52,020 என்று ஒற்றை வரிதான் விழும். ஆனால் 3பியில் போகவேண்டியது 60,000. வருமானவரித் தளத்தில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையிலும் 60,000 என்றே நிற்கும்.

இதே கணக்கில் வருடத்துக்கு 7,20,000 விற்பனை, வங்கி வரவு 6,24,240. கடை விற்பனை 93 லட்சம் என்று வையுங்கள். அதோடு வங்கி வரவைக் கூட்டினால் தணிக்கை வரம்பான ஒரு கோடிக்குள் அடங்குகிறது. உண்மை விற்பனையோ 1,00,20,000. நண்பர் மாட்டியது இப்படித்தான். ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்துக்குள் இருந்தால் தணிக்கை வரம்பு 10 கோடி. ஆனால் மே மாத சீசனில் கடைக்கு வருகிறவர்கள் கையில் நோட்டுதான் இருக்கிறது. 44ஏடி பிரிவில், விற்பனையில் இத்தனை சதவீதம் என்று சட்டமே வைத்திருக்கும் அனுமான லாபத்தைக் காட்டியிருந்தால் தணிக்கை வேண்டியிருக்காது. அவர் காட்டிய லாபம் அதைவிடக் குறைவு. தணிக்கை செய்யாததற்கு 1961 சட்டத்தின் 271பி பிரிவில் அபராதம் விற்பனையில் அரை சதவீதம், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். மேற்படி தொகைக்கு 50,100 ரூபாய்.

ஆகவே மாதாமாதம் தளத்தின் செட்டில்மெண்ட் அறிக்கையை இறக்கி, வரவில் 60,000 முழுதாக எழுதுங்கள். கமிஷன் செலவு. டிசிஎஸ்ஸை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுக்கொண்டால் கேஷ் லெட்ஜருக்கு வந்துவிடும். டிடிஎஸ்ஸை வருமானவரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். அந்த 1,620 மட்டும் கிடைக்காது. 7,500 வரையிலான அறைக்கு 5 சதவீத விகிதத்தில் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனாலும் கமிஷன் பில், ஜிஎஸ்டி தளத்தின் உள்ளீட்டு வரிப் பட்டியலான 2பியில் தானாக வந்து நிற்கும், அப்படியே 3பிக்கும் ஏறிவிடும். அதை 3பியில் ரிவர்ஸ் செய்து காட்டிவிட்டு, 1,620ஐயும் செலவில் சேருங்கள். மார்ச் முடிந்ததும் புத்தக விற்பனை, 3பி மொத்தம், 26ஏஎஸ் மூன்றையும் நீங்களே பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கணக்கரிடம் ஃபைலைக் கொடுக்க வேண்டும்.