கவிதைக்குக் கூன் விழுந்த கதை

ராயபுரத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணன் தன் கவிதைத் தொகுப்பை வேர்டு கோப்பாகக் கொண்டுவந்தார். நீள வரி மடங்கினால் மீதி 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வர வேண்டும் என்று ஹேங்கிங் வைத்தேன். முதல் புரூஃபைப் பார்த்தவர், "என்னப்பா, கவிதைக்குக் கூன் விழுந்துடுச்சு?" என்றார். ஒவ்வொரு பாட்டிலும் முதல் வரியைத் தவிர எல்லாமே உள்ளே போயிருந்தன.

பத்திக் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தியதும் புரிந்தது. வரிக்கு வரி வளைந்த அம்பு. அண்ணன் என்டருக்குப் பதில் ஷிப்ட்-என்டர் தட்டியிருக்கிறார். வேர்டுக்கு அந்தப் பாட்டு முழுவதும் ஒரே பத்தி. கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் `^l` என்பதை `^p` ஆக்கினேன். ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியானது.

அடுத்து, ஒவ்வொரு பாட்டின் முதல் வரித் தொடக்கத்திலும் இருந்த பாட்டு எண்தான் படுத்தியது. சாதாரண வரிக்கு இடது உள்தள்ளல் 14 மில்லிமீட்டர், ஹேங்கிங் 4. எழுத்து 10-இல் தொடங்கும். எண் உள்ள வரிக்குத் தனி ஸ்டைல்: இடது 14, ஹேங்கிங் 14, எண்ணுக்குப் பின் ஒரு டேப். ஆனால் அந்த டேப் 14-க்குத் தாவி, முதல் வரி மட்டும் உள்ளே தள்ளிப்போனது. 10-இல் ஒரு டேப் ஸ்டாப் வைத்ததும் நேரானது. அதே ஸ்டைலில் மேலே 12 புள்ளி இடைவெளியும் கொடுத்துவிட்டு, காலி வரிகளை `^p^p` தேடி `^p` ஆக்கினேன். இந்த வரிசை மாறினால் எந்தப் பாட்டு எங்கே முடிகிறது என்றே தெரியாது.