தகரக் கூரைக்கீழ் மின்பனல்: விசிறியைக் கணக்குப் பார்த்துப் போடுவது எப்படி?

மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரைவ், காலையில் ஒழுங்காக ஓடிவிட்டு மத்தியானம் 2 மணிக்கு வெப்பம் கூடியதென்று காட்டி நிற்கிறதா? பெரும்பாலும் பழுது ட்ரைவில் இல்லை, பெட்டிக்குள் அடைபட்ட சூட்டில்தான். கதவைத் திறந்து மேசை விசிறியைப் பிடிப்பது நம்மூர் வைத்தியம். மரத்தூள் நேரே டெர்மினல்களில் படியும், மின்சாரம் உள்ள பாகங்களும் கைக்கெட்டும்.

கிளிநொச்சிப் பக்கத்து மரப்பட்டறை ஒன்றை வைத்துக் கணக்குப் பார்ப்போம். 7.5 கிலோவாட் ட்ரைவ். சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டி: 80 செ.மீ உயரம், 60 அகலம், 25 ஆழம்.

முதலில் வெளிச்சூட்டை அளவுங்கள். முற்றத்தில் அல்ல, விசிறி காற்றை உறிஞ்சப்போகும் இடத்தில், உச்சி வெயிலில். 37 பாகை என்று வைப்போம். உள்ளே 45ஐத் தாண்டவிடக் கூடாது. ஆக வித்தியாசம் 8 பாகை. பல ட்ரைவ்கள் 40 பாகைக்கு மேல் முழுச்சுமை தாங்காது. உங்களதும் அப்படியென்றால், கையேட்டில் 45 பாகைக்குச் சொன்ன அளவுக்குச் சுமையைக் குறையுங்கள்.

அடுத்து, உள்ளே பிறக்கும் வெப்பம். ட்ரைவ் தன் கொள்ளளவில் ஏறக்குறைய 3 சதவீதத்தை வெப்பமாக்கும்: 225 வாட். கொன்ராக்டர், பவர் சப்ளைக்கு 40 சேர்த்தால் 265.

இதில் தகடே கொஞ்சத்தை வெளியே விடும். பின்புறமும் அடியும் நீங்கலாகப் பரப்பு 1.03 சதுர மீற்றர். வர்ணம் பூசிய இரும்புக்கு 5.5 × 1.03 × 8 = 45 வாட். மீதி 220 வாட்டைக் காற்றுத்தான் கொண்டுபோக வேண்டும். கீழே V என்பது மணிக்கு வேண்டிய காற்றின் அளவு, P இந்த வாட், ΔT வெப்ப வித்தியாசம்.

```
V = 3.1 × P / ΔT
V = 3.1 × 220 / 8 = 85 m³/h
```

இது பில்டர் பூட்டிய நிலையில் வேண்டிய அளவு. விசிறி வரும் பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் தடையில்லாத காற்றின் அளவு. பில்டர்கள் இரண்டும் அதில் பாதியையே விழுங்கக்கூடும். தூசு அடைப்புக்கும் இடம்விட்டு, பில்டரோடு 130 தரும் விசிறியாக வாங்குங்கள்.

மெயினை நிறுத்திப் பூட்டி, ட்ரைவில் எழுதிய நேரம்வரை கெப்பாசிட்டர் இறங்கக் காத்திருந்த பிறகே தகட்டை வெட்டுங்கள். இரும்புத்தூள் உள்ளே விழாமல் துணியால் மூடுங்கள். விசிறியைக் கீழே, காற்றை உள்ளே தள்ளும்படி பூட்டுங்கள். அப்போதுதான் இடுக்குகள் வழியே தூசு வராது. வெளிவாயில் எதிர்ப்பக்கத்தில், ட்ரைவுக்கு மேலே. இரண்டும் அருகருகே இருந்தால் காற்று உடனே திரும்பிப் போய்விடும், ட்ரைவ் அப்படியே கொதிக்கும். உறிஞ்சும் வாய் வாள் பக்கமும் வேண்டாம், சோளகக் காற்றுப் புழுதி வரும் வாசல் பக்கமும் வேண்டாம்.

தேர்மோஸ்டாற்றில்தான் புதியவர்கள் தவறுவார்கள். சூடேறும்போது மூடும் வகை (NO) வேண்டும். பெரும்பாலும் நீலத் திருகு. சிவப்பு ஹீட்டருக்கானது, அதைப் போட்டால் சூடேறியதும் விசிறி நின்றுவிடும். 40 பாகையில் வையுங்கள்.

முழுச்சுமையில் ஒரு மணிநேரம் ஓட்டி, ட்ரைவின் அடியில் சூட்டை அளவுங்கள். வெளியை விட 8 பாகைக்கு மேல் ஏறினால் முதலில் பில்டரைப் பாருங்கள். வெளியே 45 பாகையே இருந்தால் எத்தனை விசிறி பூட்டினாலும் பயனில்லை. பனலை நிழல் சுவருக்கு மாற்றுங்கள், இல்லையேல் பனலுக்கான குளிரூட்டி போடுங்கள்.